துணை நிற்பவர் வேறு, மொழிபெயர்ப்பவர் வேறு

வன்கொடுமை வழக்கு ஒன்றில் சாட்சிக் கூண்டில் ஏறும் ஒரு பெண்ணுக்குத் தமிழ் சரளமாக வராது என்று வைத்துக்கொள்வோம். உடனே நீதிமன்ற அறையில் ஒரு குரல் எழும்: “யாராவது தெலுங்கு தெரிஞ்சவங்க இருக்கீங்களா?” கூட வந்த உறவினரோ, இயக்கத் தோழரோ, வேறு வழக்குக்காகக் காத்திருக்கும் யாரோ ஒருவர் முன்னால் வருவார். அவர் நல்லவராகவே இருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணமும் அவருக்கு இருக்கலாம். ஆனால் அந்த நல்லெண்ணமே வழக்கைத் தோற்கடித்துவிடக்கூடும். எப்படித் தோற்கடிக்கும் என்பதைத்தான் இந்த வாரம் நாம் பேச வேண்டியிருக்கிறது.

பெரிய காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் பல மொழி புதிதல்ல. பட்டு நெசவுத் தெருக்களில் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக இன்றும் இருக்கின்றன. பட்டியல் சாதியினரிலும் அருந்ததியர், ஆதி ஆந்திரர் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுக்குள் தெலுங்குதான். ரேஷன் கடைக்கும் பேருந்துக்கும் வேண்டிய தமிழ் அவர்களுக்கு வரும். ஆனால் பயத்தோடு கூண்டில் நின்று, மூன்று வருடத்துக்கு முன் நடந்ததை நிமிடம் நிமிடமாகச் சொல்ல அந்தத் தமிழ் போதாது. அவமானம் எந்த மொழியில் மனதில் தங்கியிருக்கிறதோ அந்த மொழியில்தான் அது வெளியே வரும்.

நம் மாவட்ட நீதிமன்றங்களின் மொழி தமிழ். வேறு மொழியில் சாட்சி சொன்னால் முடிந்தவரை அந்த மொழியிலேயே எழுதலாம். இயலாதபோது நீதிமன்ற மொழியில் அதன் உண்மையான மொழிபெயர்ப்பைத் தயாரிக்க வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 312-ஆம் பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 277-ஆம் பிரிவாக இருந்தது. மொழிபெயர்ப்பாளர் உண்மையாகப் பெயர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர் என்கிறது 317-ஆம் பிரிவு. 1969-ஆம் ஆண்டின் உறுதிமொழிகள் சட்டம் சாட்சியைப் போலவே மொழிபெயர்ப்பாளரும் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்கிறது. கேள்விகளையும் பதில்களையும் சரியாகப் பெயர்த்துச் சொல்வேன் என்பதே அந்த உறுதிமொழியின் சாரம்.

‘உண்மையாக’ என்று சட்டம் சொல்கிறது. எப்படிப் பேசினால் அது உண்மையான மொழிபெயர்ப்பு என்பதை விரித்துச் சொல்லவில்லை. அதை உலகெங்கும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் தொழில் விதிகளாக வகுத்து வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் நீதிபதிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் சேர்த்தே 2017-இல் தேசிய அளவில் பரிந்துரை நெறிகள் வெளியிடப்பட்டன. அவற்றின் அடிப்படையை மூன்று வரியில் சொல்லலாம். சாட்சி ‘நான்’ என்றால் நீயும் ‘நான்’ என்று சொல். எதையும் சுருக்காதே, கூட்டாதே. சாட்சிக்கு யோசனை சொல்லாதே. இந்த மூன்றும் நம் மக்களின் வழக்குகளில் என்ன வேலை செய்கின்றன என்பதை ஒரு வாக்கியத்தை வைத்துப் பார்ப்போம்.

ஒரு வாக்கியம், இரண்டு சாட்சியங்கள்

எடுத்துக்காட்டுக்காக நாமே அமைத்துக்கொண்ட ஒரு வழக்கு இது. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரான ஒரு பெண், பாக்கிக் கூலியைக் கேட்கிறார். மறுநாள் காலை மேற்பார்வையாளர் அவர் வீடு தேடி வந்து சாதியைச் சொல்லித் திட்டுகிறார். இரண்டாண்டு கழித்துக் கூண்டில் நின்று அந்தப் பெண் தெலுங்கில் சொல்கிறார்: “பொத்துன நீள்ளு வச்சே டைம்லோ, மா இன்ட்டி வாகிட்லோ நிலபடி, அந்தரு சூஸ்துண்டகா நன்னு குலம் பேரு பெட்டி திட்டாடு.” தொடர்ந்து, அவன் சொன்ன சொற்களையும் அப்படியே சொல்கிறார்.

உதவிக்கு வந்தவர் நீதிபதியைப் பார்த்துச் சொல்கிறார்: “காலையில வீட்டுக்கு வந்து சாதி சொல்லித் திட்டினாராம், ஐயா. ரொம்பக் கேவலமாப் பேசினாராம்.”

கேட்கும் நமக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும். சட்டத்தின் கண்ணில் இவை இரண்டு வெவ்வேறு சாட்சியங்கள்.

முதலில் ‘வாகிட்லோ’ என்ற சொல்லைப் பார்ப்போம். அதன் பொருள் வாசலில் என்பது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளின்படி, சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியது பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும். 2008-இல் ஸ்வரண் சிங் வழக்கில், வீட்டின் வாயிற்கதவு பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடம்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், வெளியார் யாரும் இல்லாமல் வீட்டின் நான்கு சுவருக்குள் நடந்தது இந்தப் பிரிவுக்குள் வராது என்று சொன்னது. அப்படியானால் ‘வாசலில்’ என்பதற்கும் ‘வீட்டுக்கு வந்து’ என்பதற்கும் இடையே இருப்பது ஒரு வழக்கின் உயிர். உதவ வந்தவர் அதை அறியாமலே வாசலை வீட்டுக்குள் தள்ளிவிட்டார்.

அடுத்தது ‘நீள்ளு வச்சே டைம்லோ’. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் என்று பொருள். அந்தத் தெருவை அறிந்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். தண்ணீர் வரும் நேரம் என்றால் தெருவே குடத்தோடு வெளியில் நிற்கும். யார் யார் பார்த்தார்கள் என்று அடுத்த சாட்சிகளைத் தேட அது ஒரு கதவு. ‘காலையில’ என்று சுருக்கியதும் அந்தக் கதவு மூடிவிட்டது. ‘அந்தரு சூஸ்துண்டகா’, அதாவது எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, என்ற பகுதி முழுவதுமாகவே விழுந்துபோனது.

மூன்றாவது, அவன் சொன்ன சொற்கள். அந்தப் பெண் அவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னார். உதவ வந்தவர் ‘கேவலமாப் பேசினாராம்’ என்று மூடிவிட்டார். அவருக்கு அதை வாயால் சொல்லக் கூச்சம். ஒருவேளை அவரும் நம்மவராக இருந்தால் வலியும்கூட. இந்தப் பத்தியில் நாமும் அந்தச் சொற்களை அச்சிடவில்லை. ஆனால் நீதிமன்றத்தில் அந்தச் சலுகை இல்லை. திட்டியது சாதிப் பெயரா, பொதுவான வசையா என்பதை நீதிபதி முடிவு செய்ய வேண்டும். அதற்கு அவர் காதில் அந்தச் சொல் விழ வேண்டும். கூசாமல், குரலை உயர்த்தாமல், மென்மையாக்காமல் அந்தச் சொல்லை அப்படியே சொல்வது மொழிபெயர்ப்பாளரின் வேலை. அதைச் சொல்ல முடியாதவர் அந்த வேலைக்கு வரக்கூடாது.

கடைசியாகக் குறுக்கு விசாரணை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, “சம்பவம் வீட்டுக்குள் நடந்ததாக முதல் விசாரணையில் சொன்னீர்கள், இப்போது வாசல் என்கிறீர்கள்” என்று கேட்பார். அந்தப் பெண் ஒருபோதும் வீட்டுக்குள் என்று சொல்லவே இல்லை. ஆனால் பதிவில் அவர் பெயரில் அதுதான் இருக்கிறது. பொய் சாட்சி என்ற பழி அவருக்கு. வார்த்தையை மாற்றியவர் யார் என்பது எங்கும் எழுதப்படவில்லை.

‘ஆம்’ செய்யும் வேலை

சுருக்கியதைவிடவும் ஆழமான சேதம் ஒன்று அந்த மொழிபெயர்ப்பில் இருக்கிறது. ‘திட்டினாராம்’ என்பதில் ஒட்டியிருக்கும் ‘ஆம்’.

இன்றைய தமிழில் வினைமுற்றோடு ஒட்டும் இந்த ‘ஆம்’, சொல்பவர் தாமே பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டது என்று காட்டும். ‘மழை பெய்தது’ என்றால் நான் பார்த்தேன். ‘மழை பெய்ததாம்’ என்றால் யாரோ சொன்னார்கள். அதில் ஒரு விலகலும் இருக்கிறது, சில நேரம் ஒரு சந்தேகமும் இருக்கிறது. ‘அவரு பெரிய நல்லவராம்’ என்று சொல்லிப் பாருங்கள், புரியும். சாட்சியச் சட்டமோ, வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருக்க வேண்டும் என்கிறது. கண்டவரே கண்டேன் என்று சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்ட பெண் நேரில் நின்று, தானே அனுபவித்ததைச் சொல்லும்போது, மொழிபெயர்ப்பவர் ஓர் எழுத்தைச் சேர்த்து அதைக் கேள்விப்பட்ட செய்தியாக்கிவிடுகிறார்.

‘என்று சொல்கிறார்’ என்று முடிப்பதிலும் இதே சிக்கல்தான். “அவர் அவரைத் திட்டினார் என்று சொல்கிறார்” என்ற வாக்கியத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள். யார் எவர் என்று தெரியாது. மேற்பார்வையாளரும் ‘அவர்’, மரியாதையாகச் சொன்னால் சாட்சியும் ‘அவர்’. தட்டச்சருக்கு எழுதச் சொல்லும்போது நீதிபதி இதை மறுபடியும் ‘என்னைத் திட்டினார்’ என்று தன்மைக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நம் நீதிமன்றங்களில் வாக்குமூலம் பெரும்பாலும் ‘நான்’ என்று சாட்சி தாமே விவரிக்கும் வடிவில்தான் எழுதப்படுகிறது. சாட்சி தன்மையில் சொன்னது, படர்க்கைக்குப் போய், மறுபடி தன்மைக்குத் திரும்புகிறது. இரண்டு முறை கை மாறிய பொருள் முழுசாக வந்து சேரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அதனால்தான் முதல் விதி ‘நான்’ என்கிறது. சரியாகச் செய்தால் அது இப்படி இருக்கும்: “காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில், எங்கள் வீட்டு வாசலில் நின்று, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, என்னைச் சாதிப் பெயர் வைத்துத் திட்டினான்.” ‘திட்டினான்’ என்பதையும் கவனிக்க வேண்டும். கோபத்தில் அந்தப் பெண் மரியாதை இல்லாமல் பேசியிருந்தால், மொழிபெயர்ப்பாளர் அதை ‘திட்டினார்’ என்று திருத்தக்கூடாது. அவர் மரியாதையோடு பேசியிருந்தால் அதையும் குறைக்கக்கூடாது. சாட்சியின் கோபமும் பணிவும் சாட்சிக்கே சொந்தம்.

மொழிபெயர்ப்பாளர் தம் பேரில் ஏதாவது சொல்ல நேர்ந்தால் என்ன செய்வது? அப்போது அவர் தம்மையே படர்க்கையில் வைத்துக்கொள்ள வேண்டும். “வாகிலி என்ற சொல் வீட்டுப் படியைக் குறிக்கிறதா, முன் முற்றத்தையா என்று சாட்சியிடம் கேட்க மொழிபெயர்ப்பாளர் அனுமதி கேட்கிறார்” என்று நீதிபதியிடம் சொல்ல வேண்டும். தாமாகச் சாட்சியிடம் தனிப்பேச்சு நடத்தி முடிவெடுக்கக்கூடாது. இதனால் ‘நான்’ என்று கேட்டால் அது சாட்சி, ‘மொழிபெயர்ப்பாளர்’ என்று கேட்டால் அது இவர் என்று அறையில் எல்லோருக்கும் தெளிவாகிவிடும்.

இதில் நம் மக்களுக்கு இன்னொரு பொருளும் உண்டு. மொழி தெரியாத சாட்சி நிற்கும்போது கேள்விகள் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கப்படுவதில்லை. “அந்தம்மா அன்னைக்கு எங்க இருந்துச்சுன்னு கேளு” என்று மொழிபெயர்ப்பவரைப் பார்த்துத்தான் கேட்கப்படுகிறது. ‘நான்’ விதியின் மறுபாதி, கேட்பவரும் சாட்சியைப் பார்த்து “நீங்கள் அன்று எங்கே இருந்தீர்கள்?” என்று கேட்க வேண்டும் என்பது. ஊரில் யாரோ ஒருவர் வழியாகவே பேசப் பழக்கப்படுத்தப்பட்ட மக்களுக்கு, நீதிமன்றத்திலாவது நேருக்கு நேர் கேள்வி கேட்கப்படுவது சிறிய விஷயமல்ல.

‘என்ன சொல்லணும், அண்ணா?’

மூன்றாவது விதிதான் நமக்கு மிகக் கடினமானது. குறுக்கு விசாரணையின் நடுவே சாட்சி குழம்பிப்போய், மொழிபெயர்ப்பவர் பக்கம் திரும்பி மெதுவாக, “ஏமி செப்பாலி அன்னா?” என்று கேட்கிறார். என்ன சொல்ல வேண்டும் அண்ணா என்று. நம் ஊர்க்காரர், நம் மொழிக்காரர், அண்ணன் என்று நம்பிக் கேட்கிறார். பதில் சொல்லாமல் இருக்க நெஞ்சு வருமா?

விதி என்ன சொல்கிறது என்றால், அதற்குப் பதில் சொல்லக்கூடாது, சும்மாவும் இருக்கக்கூடாது. “என்ன சொல்ல வேண்டும், அண்ணா?” என்று அதையும் நீதிமன்றத்துக்கு உரக்கப் பெயர்த்துச் சொல்ல வேண்டும். கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் அதைக் கேட்ட நீதிபதி, “உங்களுக்கு நினைவில் இருப்பதைச் சொல்லுங்கள், கேள்வி புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள்” என்று விளக்க முடியும். அரசு வழக்கறிஞர் எழுந்து, கேள்வி குழப்பமாக இருக்கிறது என்று ஆட்சேபிக்க முடியும். மாறாக, மொழிபெயர்ப்பவர் குனிந்து ‘இல்லைன்னு சொல்லு’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். எதிரே நிற்கும் வழக்கறிஞருக்கும் கொஞ்சம் தெலுங்கு தெரிந்திருந்தால், அந்த நிமிடத்திலிருந்து அது சொல்லிக்கொடுத்த சாட்சி. அதுவரை அந்தப் பெண் சொன்ன உண்மை அத்தனையும் சேர்ந்து கறைபடும்.

இதே இடத்தில் இன்னொரு பொறியும் உண்டு. நம் நீதிமன்றத் தமிழில் குறுக்கு விசாரணைப் பதில்கள் ‘என்றால் சரிதான்’, ‘என்றால் சரியல்ல’ என்று எழுதப்படும். “நீங்கள் அன்று அங்கே போகவில்லை, அப்படித்தானே?” என்று கேட்டால், சாட்சி ‘அவுனு’ என்கிறார். ஆமாம், போகவில்லை என்பதா? இல்லை, போனேன் என்பதா? மொழிபெயர்ப்பவர் தாமே ஊகித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கக்கூடாது. ‘ஆமாம்’ என்று பெயர்த்துவிட்டு, இந்தப் பதிலுக்கு இரு பொருள் வரக்கூடும் என்பதையும் நீதிபதிக்குச் சொல்ல வேண்டும். கேள்வியைப் பிரித்துக் கேட்க வேண்டியது நீதிமன்றத்தின் பொறுப்பு.

உச்ச நீதிமன்றம் சொன்ன பாடம்

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்களுக்கு, ராஜஸ்தான் அரசு எதிர் தர்ஷன் சிங் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைச் சொல்ல வேண்டும். ஒரு கொலை வழக்கு அது. முக்கியச் சாட்சி கொல்லப்பட்டவரின் மனைவி. அவருக்குக் காது கேட்காது, பேச வராது. அவர் சைகையில் சொன்னதைப் பெயர்த்துச் சொன்னவர் அவருடைய தந்தை. ஒரு மகளின் சைகையைத் தந்தையைவிட நன்றாக யார் புரிந்துகொள்ள முடியும்? கீழமை நீதிமன்றம் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. மாநில அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை.

அந்த வழக்கில் வேறு கேள்விகளும் இருந்தன. ஆனால் மொழிபெயர்ப்பு பற்றி நீதிமன்றம் சொன்னவை நமக்கு முக்கியம். தந்தை வழக்கில் அக்கறை உள்ளவர். விசாரணை நெடுக உதவியாக இருந்தவர். மொழிபெயர்ப்பாளருக்கான உறுதிமொழியும் அவருக்கு அளிக்கப்படவில்லை. சாட்சியின் சூழலைச் சேர்ந்தவராக, அவர் பேச்சை அறிந்தவராக மொழிபெயர்ப்பாளர் இருக்கலாம். ஆனால் வழக்கில் நலன் உள்ளவராக இருக்கக்கூடாது, உறுதிமொழி எடுத்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். சைகைகளையே பதிவு செய்ய வேண்டும், சைகைகளுக்கு ஒருவர் சொல்லும் விளக்கத்தை மட்டும் எழுதினால் போதாது என்றும் சொன்னது. பேச இயலாத சாட்சிகளின் வாக்குமூலத்தைக் காணொளியில் பதிவு செய்ய வேண்டும் என்பது 2013-இல் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டது.

தந்தைக்கே இந்த நிலை என்றால், பாதிக்கப்பட்டவருக்காக ஆர்ப்பாட்டம் நடத்தி, புகார் எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூட வரும் இயக்கத் தோழர் மொழிபெயர்க்க எழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எதிர்த்தரப்புக்கு அதைவிட நல்ல பரிசு வேறில்லை.

இதே அளவுகோல் மறுபக்கத்துக்கும் பொருந்தும். 2011-இல் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளை ஒன்றிலிருந்து ஒடிசாவைச் சேர்ந்த ஐநூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மீட்கப்பட்டார்கள். நம் பகுதிச் சூளைகளிலும் வெளிமாநிலத்து ஏழைத் தலித்துகளும் பழங்குடிகளும் வேலை செய்கிறார்கள். வருவாய்க் கோட்டாட்சியர் விசாரணைக்கு வரும்போது, ஒடியாவும் தமிழும் தெரிந்தவர் என்று முன்னால் வந்து நிற்பவர் பல நேரம் அவர்களை அழைத்துவந்த மேஸ்திரியாகத்தான் இருப்பார். முன்பணம் கொடுத்தவரே, ‘இவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் ஐயா’ என்று சுருக்கிச் சொன்னால், அது கொத்தடிமை முறையின் இன்னொரு பூட்டு. நலன் உள்ளவர் மொழிபெயர்க்கக்கூடாது என்று நாம் உரக்கக் கேட்க வேண்டுமானால், அதே விதியை நாமும் கைக்கொண்டிருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

துணை நிற்பதை விட்டுவிடச் சொல்லவில்லை. அதற்குச் சட்டமே தனி இருக்கை போட்டிருக்கிறது. 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15-ஏ பிரிவு, தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் உதவியைப் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை என்கிறது. அந்த இருக்கையில் நாம் உட்காருவோம். விசாரணைக்கு முன்பே, ‘புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லலாம், மறந்திருந்தால் மறந்துவிட்டது என்று சொல்லலாம், கேள்வியை மறுபடி கேட்கச் சொல்லலாம்’ என்று சாட்சிக்குத் தெரியப்படுத்துவோம். இன்ன பதிலைச் சொல் என்று மட்டும் சொல்லமாட்டோம். மொழிபெயர்ப்பாளரின் இருக்கையில் வேறொருவர் உட்காரட்டும்.

அந்த வேறொருவரை விசாரணை நாளன்று தேடக்கூடாது. சாட்சி எந்த மொழியில் தெளிவாகப் பேசுவார் என்பதைப் புகார் எழுதும்போதே கவனித்து, சிறப்பு அரசு வழக்கறிஞர் வழியாக முன்கூட்டியே மனுக் கொடுக்க வேண்டும். வருபவர் இரு தரப்புக்கும் உறவில்லாதவர்தானா என்று கேட்க வேண்டும். அவர் உறுதிமொழி எடுத்தது பதிவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீண்ட பதிலை ஒரே மூச்சில் கேட்டால் எவராலும் முழுவதும் நினைவில் வைக்க முடியாது; இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தவும், குறிப்பெடுக்கத் தாளும் பேனாவும் தரவும் நீதிமன்றத்தைக் கேட்டுக்கொள்ளலாம்.

மொழிபெயர்ப்பு சுருங்குகிறது என்பதைத் தெலுங்கு தெரியாதவரும் கண்டுபிடிக்கலாம். சாட்சி ஒரு நிமிடம் பேசி, பெயர்ப்பு ஐந்து விநாடியில் முடிந்தால் ஏதோ விழுந்துவிட்டது. சாட்சியும் மொழிபெயர்ப்பவரும் தங்களுக்குள் நான்கைந்து முறை பேசிக்கொண்ட பிறகு ‘ஆமாங்கிறாங்க’ என்று ஒரே பதில் வந்தால் அங்கே யோசனை சொல்லப்பட்டிருக்கலாம். ‘ஆம்’ விகுதி காதில் விழுந்தால் ‘நான்’ தொலைந்துவிட்டது. இவற்றைக் கண்டால் அரசு வழக்கறிஞரிடம் உடனே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். அன்றே ஆட்சேபித்தால்தான் பதிவில் ஏறும்.

இன்னும் இரண்டு பூட்டுகளைச் சட்டம் நம் கையில் தந்திருக்கிறது. வாக்குமூலம் முடிந்ததும் அதைச் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும். பதிவின் மொழி அவருக்குப் புரியாவிட்டால் அவருக்குப் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறது 313-ஆம் பிரிவு. அப்போது, ‘வீட்டுக்குள் என்று நான் சொல்லவில்லை, வாசலில் என்றேன்’ என்று சாட்சி மறுக்கலாம். நீதிபதி திருத்தலாம்; திருத்தாவிட்டாலும் அந்த மறுப்பைக் குறிப்பாக எழுதி வைக்கலாம். கையெழுத்துப் போட அவசரப்படுத்தினால், ‘படிச்சுக் காட்டுங்க’ என்ற இரண்டே சொல் போதும். தமிழ் மட்டுமே பேசும் சாட்சிக்கும் இந்த உரிமை உண்டு. சேரித் தமிழ் எழுத்துத் தமிழாக மாறும்போதும் வாசல் வீடாகிவிடுவது உண்டு.

இரண்டாவது பூட்டு, வன்கொடுமை வழக்குகளின் நடவடிக்கைகள் அனைத்தையும் காணொளியில் பதிவு செய்ய வேண்டும் என்ற 15-ஏ(10). மொழிபெயர்ப்புத் தேவைப்படும் வழக்குகளில் இதை மனுப்போட்டுக் கேட்டு வாங்க வேண்டும். நம் வழக்குகள் மாவட்டத்தோடு முடிவதில்லை. மேல்முறையீட்டில் தமிழ்ப் பதிவு ஆங்கிலமாகிச் சென்னைக்கும் தில்லிக்கும் போகிறது. தெலுங்கிலிருந்து தமிழுக்கு வரும்போதே தொலைந்த சொல்லை ஆங்கிலத்தில் யாரும் மீட்க முடியாது. சாட்சியின் குரல் அப்படியே பதிவாகியிருந்தால் மட்டுமே, அவர் உண்மையில் என்ன சொன்னார் என்று பிறகு ஒருவர் கேட்டுப் பார்க்க முடியும்.

கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, வெளியே தமிழ் படித்த நீங்கள் இரு மொழிச் செல்வம் உள்ளவர்கள். வீட்டு மொழியைப் பேசக் கூச்சப்படும் உங்களிடம்தான் நீதிமன்றத்துக்குத் தேவையான திறமை இருக்கிறது. ஆனால் மொழி தெரிந்திருப்பது பாதிதான். ‘நான்’ என்று சொல்லவும், வசைச் சொல்லை விழுங்காமல் சொல்லவும், அண்ணா என்று கேட்கும்போது மௌனமாகக் கடந்து அதைப் பெயர்த்துச் சொல்லவும் பயிற்சி வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இத்தகைய பயிற்சியை நடத்தி, தெலுங்கு, கன்னடம், ஒடியா, இந்தி, சைகை மொழி தெரிந்தவர்களின் பட்டியலை வைத்திருக்க வேண்டும் என்பது நம் கோரிக்கை. அந்தப் பட்டியல் இருந்தால், ‘யாராவது தெலுங்கு தெரிஞ்சவங்க இருக்கீங்களா’ என்று எந்த நீதிமன்றத்திலும் கேட்க வேண்டியிருக்காது.